24 ஐசோமெட்ரிக் படங்களும் ஒரே கையால் வரைந்தவைபோல் தெரிய எதைச் சரிபார்க்க வேண்டும்?

"பார்சல் நிறுவனம் ஒன்றின் வெப்சைட்டுக்கும் ஆப்புக்கும் 24 ஐசோமெட்ரிக் படங்கள் செய்திருக்கிறோம். மூன்று பேர் வரைந்தோம். ஆறு படங்கள் மட்டும் ஸ்டாக் ஃபைலில் இருந்து எடுத்து மாற்றியவை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ ஒட்டவில்லை. கோணம், வெளிச்சம், டீடெயில் மூன்றையும் எந்த வரிசையில், எப்படிச் சரிபார்ப்பது?"

முதலில் கோணம், பிறகு வெளிச்சம், கடைசியில் டீடெயில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோணத்தைத் திருத்தினால் பக்கங்களின் வடிவம் மாறும், தரையில் விழும் நிழலையும் அதற்கேற்ப மறுபடி போட வேண்டிவரும். வெளிச்சத்தைத் திருத்தும்போது சில டீடெயில்கள் தானாகவே தேவையற்றவை ஆகிவிடும். தலைகீழாகத் தொடங்கினால் ஒரே படத்தை மூன்று முறை திருத்துவீர்கள்.

ரிவ்யூவுக்கு உட்காரும் முன் இரண்டு வேலைகள் செய்துகொள்ளுங்கள். ஒன்று, 24 படங்களையும் ஒரே ஆர்ட்போர்டில், ஒரே பின்னணி நிறத்தில், ஆப்பில் எந்த அளவில் தெரியப்போகின்றனவோ அதே அளவில் அடுக்குங்கள். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பவருக்கு இந்தக் குறைகள் சிக்கவே சிக்காது. இரண்டு, அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு கனசதுரம் வரைந்து வையுங்கள். வரைந்த விளிம்பு 100 பிக்சல் என்றால் மொத்த அகலம் 173.2, மொத்த உயரம் 200. மூன்று பக்கங்களுக்கும் மூன்று சாயல், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வட்டம், தரையில் ஒரு நிழல். மூன்று பேர் மூன்று ரசனையோடு வாதாடும்போது கைகாட்ட அந்த ஒரு கனசதுரம் போதும்.

இப்போது கோணம். உங்கள் கேள்வியில் ஸ்டாக் ஃபைல் என்ற சொல்லைப் பார்த்ததும் என் சந்தேகம் நேராக அங்கேதான் போனது. ஐசோமெட்ரிக் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கோணங்கள் புழங்குகின்றன. உண்மையான ஐசோமெட்ரிக்கில் தரையின் இரு அச்சுகளும் கிடைக்கோட்டில் இருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கும். பழைய கணினி விளையாட்டுகளில் இருந்து வந்த இன்னொரு வழக்கத்தில் அந்தச் சாய்வு 26.565 டிகிரி. பிக்சல் திரையில் இரண்டு கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் கீழே என்று போனால் கோடு பிசிறில்லாமல் வரும். அதனால் அந்தக் கணக்கு நிலைத்துவிட்டது. அதை 2:1 என்பார்கள். ஸ்டாக் தளங்களில் இரண்டும் ஒரே பெயரில் கிடக்கும். இடையே உள்ள மூன்றரை டிகிரி வித்தியாசத்தைத் தனிப்படத்தில் எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது.

ஆனால் அளந்தால் உடனே தெரிந்துவிடும், கோணமானி கூட வேண்டாம். பொருளின் மேல்பக்கத்தை மட்டும் செலக்ட் செய்து, மென்பொருள் காட்டும் அகலத்தை உயரத்தால் வகுங்கள். 1.73 வந்தால் உண்மையான ஐசோமெட்ரிக். 2 வந்தால் 2:1. மேல்பக்கம் சதுரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீளமான லாரிக் கூரையாக இருந்தாலும், அது செவ்வகமாகவும் அச்சுகளுக்கு இணையாகவும் இருக்கும்வரை இந்த விகிதம் மாறாது. உங்கள் வேனின் கூரை 340க்கு 170, கிடங்கின் கூரை 340க்கு 196 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 2, இரண்டாவது 1.73. வேனைக் கிடங்கு வாசலில் நிறுத்தினால், 300 பிக்சல் தூரத்துக்குள் இரண்டின் கோடுகளும் 23 பிக்சல் விலகிவிடும். 'ஏதோ ஒட்டவில்லை' என்று உங்கள் கண் சொன்னது பெரும்பாலும் இந்த 23 பிக்சலைத்தான்.

மேல்பக்கம் வட்டமாக இருந்தால், அதாவது எடை பார்க்கும் தராசின் தட்டு, டேப் சுருள், பீப்பாய் மூடி போன்றவற்றில், நீள்வட்டத்தின் உயரத்தை அகலத்தால் வகுங்கள். 0.577 வர வேண்டும். 0.5 என்றால் அது 2:1 ஃபைல். இரண்டும் இல்லாமல் 0.4, 0.65 என்று வந்தால் யாரோ கண்மதிப்பில் இழுத்திருக்கிறார்கள். தரைக்கு இணையாகக் கிடக்கும் எந்த வட்டமும் ஐசோமெட்ரிக்கில் உயரே, தாழே என்று பாராமல் ஒரே விகிதத்தில்தான் தெரியும். பீப்பாயின் மூடியும் அடியும் வேறு வேறு தட்டையாக இருந்தால், வரைந்தவர் தூரம் போகப்போகச் சிறுக்கும் சாதாரண பெர்ஸ்பெக்டிவ் பழக்கத்தில் வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

24 படங்களில் 18 படங்கள் 30 டிகிரி என்றால் மீதி ஆறை அதற்கு மாற்றுவதே வழி. 2:1 படத்தை உயரவாக்கில் 115.47 சதவீதம் நீட்டினால் தரைக் கோடுகள் சரியாக 30 டிகிரிக்கு வந்து அமரும். ஆனால் கூடவே பொருளின் உயரமும் அதே அளவு நீண்டுவிடும். அலமாரி, பெட்டி, டிராலி போன்றவற்றில் இதைச் சமாளித்துவிடலாம். நீட்டிய பிறகு மேல்புள்ளிகளை மட்டும் செலக்ட் செய்து கீழே இறக்கினால் போதும். சக்கரம், கடிகாரம், முகம் உள்ள படங்களில் இந்த வித்தை பலிக்காது. சக்கரம் நிமிர்த்தி வைத்த முட்டைபோல் ஆகும், மனிதர் ஒடுங்கிப்போவார். வேனின் உடலை நீட்டித் திருத்திக்கொண்டு, சக்கரங்களை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

புதிதாகப் போடும்போது தட்டையாக வரைந்ததை அந்தந்தப் பக்கத்துக்குச் சாய்க்க மூவரும் ஒரே எண்களைப் பயன்படுத்தட்டும். எஸ்விஜி ஃபைலில் இவை போதும்:

```
transform="matrix(0.866 0.5 -0.866 0.5 0 0)"
transform="matrix(0.866 0.5 0 1 0 0)"
transform="matrix(0.866 -0.5 0 1 0 0)"
```

முதல் வரி மேல்பக்கத்துக்கு, இரண்டாவது இடப்பக்கத்துக்கு, மூன்றாவது வலப்பக்கத்துக்கு. கையால் செய்பவர்கள் முதலில் உயரத்தை 86.602 சதவீதமாகக் குறைத்து, பிறகு 30 டிகிரி சாய்த்து, பிறகு 30 டிகிரி திருப்புவார்கள். அவசரத்தில் விட்டுப்போவது அந்த முதல் படிதான். விட்டுவிட்டால் கோணம் எல்லாம் சரியாகவே தெரியும், ஆனால் ஒட்டிய லோகோ 15 சதவீதம் உயரமாக நிற்கும். எனவே பெட்டி மேல் உள்ள ஸ்டிக்கர், லாரி மேல் உள்ள லோகோ, கடையின் பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் கோணத்தோடு விளிம்புகளின் நீளத்தையும் பாருங்கள். நிஜத்தில் சதுரமாக இருப்பதன் நான்கு விளிம்புகளும் படத்திலும் சம நீளமாக இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் இந்த முறையை விளக்கி எழுதியதற்கே காரணம் அதுதான். தம் வகுப்பில் காட்டும் இயந்திர மாதிரிகளைப் பிரித்து மறுபடி பூட்ட, மூன்று திசையிலும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடிய படம் அவருக்குத் தேவைப்பட்டது.

அச்சுகளோடு ஒட்டாத கோடுகளில்தான் கிரிட் கைவிடும். பார்சல் பெட்டியின் திறந்த மடல், லாரியின் பின்கதவுப் பலகை, சரிவான கூரை, லேப்டாப் மூடி இவற்றின் சாய்வுக்கு 30 டிகிரி விதி கிடையாது. இங்கே வேறொரு விதி இருக்கிறது. செவ்வகமான மடல் எவ்வளவு திறந்திருந்தாலும், கீல் இருக்கும் விளிம்பும் அதற்கு எதிரே காற்றில் நிற்கும் விளிம்பும் இணையாகவும் சம நீளமாகவும்தான் இருக்கும். காற்றில் நிற்கும் விளிம்பு கொஞ்சம் விரிந்தோ குறுகியோ இருந்தால் அந்த மடல் மட்டும் வேறு படத்தில் இருந்து வந்ததுபோல் தெரியும். பெட்டிகளை வரைந்தவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் மடல்களை நான் ஒவ்வொன்றாக அளப்பேன். அங்கே எல்லோரும் கண்மதிப்பில்தான் போகிறார்கள்.

மனிதர்களுக்கும் அதே மாதிரி ஒரு சோதனை உண்டு. டெலிவரி ஆள் இடக்கீழ்ப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்றால், இரு தோள்களையும் இணைக்கும் கோடும், சேர்த்து வைத்த இரு பாதங்களின் நுனிகளை இணைக்கும் கோடும் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் ஒரே கிடைக்கோட்டில் நின்றால் அவர் எதிரே நின்று எடுத்த போட்டோவில் இருந்து வெட்டி ஒட்டப்பட்டவர்போல் மிதப்பார். தலையைக் கொஞ்சம் மேலே இருந்து பார்க்கிறோம் என்பதால் தொப்பியின் மேல்பகுதி தெரிய வேண்டும், தாடையின் அடிப்பகுதி தெரியக் கூடாது. ஸ்டாக் படங்களில் மனிதர்கள்தான் அதிகம் சறுக்குவார்கள்.

அடுத்தது வெளிச்சம். இதில் கொஞ்சம் நிதானமாகப் போக விரும்புகிறேன். கோணப்பிழையை அளந்து பிடித்துவிடலாம், வெளிச்சப்பிழையோ அழகான நிறங்களுக்குள் ஒளிந்துகொள்ளும்.

முதல் வேலை நிறத்தை எடுத்துவிடுவது. அடுக்கிவைத்த பக்கத்தின் மேல் ஒரு சாம்பல் நிறச் செவ்வகத்தைப் போட்டு அதன் பிளெண்டிங் மோடை `Saturation` என்று மாற்றுங்கள். எல்லாம் கருப்பு வெள்ளை ஆகும். இப்போது ஒவ்வொரு பொருளிலும் மேல், இடம், வலம் மூன்றின் வெளிச்ச அளவையும் கலர் பிக்கரால் எடுத்துக் குறியுங்கள். உதாரணமாக அட்டைப்பெட்டிக்கு மேல்பக்கம் `#E8B87A`, இடப்பக்கம் `#CF9A58`, வலப்பக்கம் `#A87540` என்று வைத்திருந்தால் சாம்பல் அளவில் அவை சுமார் 192, 163, 126. மேல்பக்கத்தை 100 என்று வைத்தால் இடம் 85, வலம் 66. இந்த விகிதத்தை நீல வேனிலும் பச்சை டிராலியிலும் தேடுங்கள். ஐந்து புள்ளி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஒன்றில் 100, 95, 90 என்று இருந்தால் அது மேகமூட்டமான நாளில் நிற்கிறது. இன்னொன்றில் 100, 70, 35 என்றால் அது உச்சிவெயிலில் நிற்கிறது. திசை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், ஆனாலும் பக்கத்தில் வைக்கும்போது ஒட்டாது. கறுப்பு டயர்போல மிக அடர்ந்த நிறங்களில் மட்டும் இந்த விகிதத்தைக் கறாராகப் பிடிக்காதீர்கள். மூன்று பக்கமும் பிரித்துத் தெரிந்தால் போதும்.

விகிதம் சரி, வரிசை மாறியிருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: படத்தைக் கண்ணாடிபோல் திருப்பியிருக்கிறார்கள். லாரி வலப்பக்கம் போக வேண்டும் என்று யாரோ கேட்டிருப்பார்கள், ஒரு கிளிக்கில் திருப்பிவிட்டிருப்பார்கள். கோணம் கொஞ்சமும் மாறாது, 30 டிகிரி 30 டிகிரியாகவே இருக்கும். ஆனால் இடப்பக்கம் இருட்டாகி வலப்பக்கம் வெளிச்சமாகும். நிழல் மறுபக்கம் போய் விழும். எழுத்தை மட்டும் திருத்திவிடுவதால் திருப்பிய தடயமே இருக்காது. ஒரு வேலையில் நானே இதைக் கவனிக்காமல் அனுமதித்து, அச்சுக்குப் போன பிறகு பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்காமல் எதற்கும் சரி சொல்வதில்லை. திருத்துவது எளிது: திருப்பிய பிறகு இரு பக்கங்களின் நிறங்களை மாற்றிப்போட்டு, நிழலை அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

இன்னொரு பிழை நுட்பமானது. தேர்ந்தவர்களும் செய்வது. உங்கள் தொகுப்பில் கிடங்கின் உட்புறம், அலுவலக கவுண்டர் என்று கூரையைக் கழற்றிய அறைகள் இருக்கும் அல்லவா? அப்படிப்பட்ட அறையில் தெரிவது பின்னால் உள்ள இரண்டு சுவர்கள். இடதுபுறம் உள்ள பின்சுவருக்கு எந்தச் சாயல் போடுவீர்கள்? இடப்பக்கம்தானே என்று வெளிச்சச் சாயலைப் போட்டால் தவறு. அந்தச் சுவர் இடதுபுறம் நிற்கிறது, ஆனால் அதன் உள்பரப்பு பார்ப்பது வலக்கீழ்த் திசையை. கனசதுரத்தின் வலப்பக்கமும் அதே திசையைத்தான் பார்க்கிறது. ஆகவே இடதுபுறச் சுவருக்கு இருண்ட சாயல், வலதுபுறச் சுவருக்கு நடுச்சாயல். திறந்த பெட்டியின் உள்பக்கம், மேசை இழுப்பறையின் உள்பக்கம், லாரியின் திறந்த சரக்குப் பகுதி எல்லாவற்றுக்கும் இதுவே கணக்கு. பரப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்று பார்த்தால் குழப்பம் வராது. அறைக்குள் ஒரு அலமாரி நிற்கும் படத்தில் இந்தப் பிழை உடனே அகப்படும்: அலமாரியின் இருண்ட பக்கமும் அதற்கு இணையான சுவரும் ஒரே குடும்பச் சாயலாக இருக்க வேண்டும். ஒன்று இருட்டு, மற்றது வெளிச்சம் என்றால் அறைக்கு ஒரு சூரியன், அலமாரிக்கு ஒரு சூரியன்.

தரையில் விழும் நிழலுக்கு வருவோம். ஆப் வடிவமைப்பில் இருந்து வந்தவர்களுக்கு நிழல் என்றால் வலக்கீழே விழுவது என்ற பழக்கம் கையிலேயே ஊறியிருக்கும். இங்கே அது பொருந்தாது. இடப்பக்கம் வெளிச்சமாக இருக்கிறது என்றால் ஒளி அந்தப் பக்கத்தின் மேல் விழுகிறது, அதாவது நிழல் அந்தப் பக்கத்தை விட்டு விலகிப் பின்னோக்கிப் போக வேண்டும். நிழல் வலக்கீழ் அச்சின் வழியே, அதாவது 30 டிகிரி கீழிறங்கி விழுமானால், அந்த ஒளி இடப்பக்கத்தின் மேல் படாமல் அதை உரசிக்கொண்டு போகிறது. அப்போது இடப்பக்கம் நடுச்சாயலில் இருக்க வழியே இல்லை. இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் இருட்டு என்று முடிவு செய்த தொகுப்பில் நிழல் விழக்கூடிய இடம் வலக்கீழ் அச்சுக்கு மேலே தொடங்கி, நேர் வலது வழியாக, வலமேல் அச்சு வரைக்கும்தான்.

அந்த இடைவெளிக்குள் நேர் வலதைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் யோசனை. வலமேல் அச்சைப் பிடித்தால் நிழலின் பெரும்பகுதி பொருளுக்குப் பின்னால் மறைந்து ஒரு சின்ன முக்கோணம் மட்டும் எட்டிப்பார்க்கும். நேர் வலது என்றால் நிழல் நன்றாகத் தெரியும், சரிபார்ப்பதும் சுலபம்: எந்தச் செங்குத்துக் கோட்டின் நிழலும் அதன் அடியில் தொடங்கி, திரையில் சரியாகக் கிடைக்கோடாக ஓடும். நீளத்தைப் படத்தில் தெரியும் உயரத்தில் பாதி என்று வையுங்கள். 120 பிக்சல் உயர விளக்குக்கம்பத்துக்கு 60 பிக்சல் நிழல், 40 பிக்சல் பெட்டிக்கு 20 பிக்சல். ரிவ்யூவில் ஒவ்வொரு பொருளிலும் ஒரு மேல்முனையைத் தொட்டு, அதன் நேர் கீழே தரைப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து வலதுபக்கம் பாதி உயரம் நகர்ந்தால் நிழலின் முனை அங்கே இருக்க வேண்டும். மேப் பின், டிரோன் போலக் காற்றில் நிற்பவற்றுக்கும் இதே கணக்குதான். அவற்றின் நிழல் பொருளை ஒட்டாமல் தள்ளி விழும். அடியிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு வட்டம் போட்டிருந்தால் பின் தரையில் குத்தி நிற்கிறது என்றுதான் கண் படிக்கும்.

கிரேடியன்ட் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: யாராவது ஒருவர் பக்கங்களுக்குள் கிரேடியன்ட் போட்டு மற்ற இருவர் தட்டையான நிறம் போட்டிருந்தால் கிரேடியன்டை எடுத்துவிடுங்கள், ஒளிரும் போன் திரைக்கு மட்டும் விட்டுவைக்கலாம்.

டீடெயில் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'அதிகம், குறைவு' என்று சொல்லிச் சண்டை போடுவார்கள். அதை ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டால் சண்டை ஓயும். அந்த எண், திரையில் தெரியும் அளவில் மிகச் சிறிய வடிவத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. உங்கள் ஆப்பில் படம் 160 பிக்சலில் தெரிகிறது, ஃபைலில் ஆர்ட்போர்டு 800 என்றால் ஐந்து மடங்கு சுருங்கும். திரையில் 3 பிக்சலுக்குக் குறைவான எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தால், ஃபைலில் 15க்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. வடிவத்துக்கு மட்டும் அல்ல, இரண்டு வடிவங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் இதே எண். கிடங்குக் கதவின் ஷட்டர் வரிகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஃபைலில் 4 பிக்சல் இடைவெளியில் 40 வரிகள் அழகாக ஓடும், ஆப்பில் அது சாம்பல் அழுக்காகிவிடும். எட்டு வரியாகக் குறைத்தால் ஷட்டர் இன்னும் தெளிவாக ஷட்டராகவே தெரியும்.

உங்கள் தொகுப்பில் உள்ளூர இருக்கும் சிக்கல் வேறு. பார்கோடு ஸ்கேனர் கையில் அடங்குவது, கிடங்கு ஒரு தெருவையே அடைப்பது, ஆனால் இரண்டும் ஆப்பில் ஒரே 160 பிக்சல் கட்டத்தில் உட்கார்கின்றன. நிஜ அளவை நினைத்து வரைபவர் கிடங்குக்கு ஜன்னல், குழாய், கேமரா, ஏசி பெட்டி எல்லாம் போடுவார். ஸ்கேனருக்கு ஒரு பட்டனைப் போட்டு நிறுத்திவிடுவார், ஏனென்றால் அதில் அவ்வளவுதான் இருக்கிறது. விளைவு, ஒன்று நெரிசல், மற்றது வெறுமை. இதற்கு நான் செய்வது, நிஜ அளவை மறந்துவிட்டு, 160 பிக்சல் கட்டத்துக்குள் கண் தனித்தனியாக எண்ணக்கூடிய பகுதிகளை எண்ணுவது. அச்சிட்டு ஒரு கை தூரத்தில் வைத்து எண்ணினாலும் சரி. 24 படங்களிலும் இந்த எண்ணிக்கை எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே விழுந்தால் அவை ஒரு குடும்பமாகத் தெரியும். எண்கள் உங்கள் தொகுப்புக்கு ஏற்ப மாறலாம், ஆனால் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம் போக விடாதீர்கள்.

எண்ணிக்கை அதிகமான படத்தில் குறைப்பதே என் வழக்கம். குறைவான படத்தில் கூட்டுவது அரிது. குறைக்கும்போது பொருளை அடையாளம் காட்டும் பகுதி எது என்று முதலில் கேளுங்கள். கிடங்குக்கு அது ஷட்டரும் சரக்கு ஏற்றும் மேடையும். ஏசி பெட்டியும் குழாயும் போனால் யாரும் தேடமாட்டார்கள். கூட்ட வேண்டிவந்தால் ஒரே ஒரு அடையாளத்தைக் கூட்டுங்கள்: வெறும் பெட்டிக்கு நடுவே ஒரு டேப் பட்டையும் மூலையில் ஒரு லேபிளும் வந்தால் அது பார்சல் ஆகிவிடும். அட்டையின் நெளிவு வரிகளை வரையப் போக வேண்டாம்.

ஸ்ட்ரோக்கையும் மூலை வளைவையும் இந்தச் சுற்றில்தான் பார்க்க வேண்டும். ஒருவர் ஃபைலில் இருந்து இன்னொருவர் ஃபைலுக்கு டிராலியை ஒட்டி 40 சதவீதமாகச் சுருக்கியிருப்பார். இல்லஸ்ட்ரேட்டரில் `Scale Strokes & Effects` ஆன் செய்திருந்தால் 2 பாயின்ட் ஸ்ட்ரோக் 0.8 ஆகியிருக்கும். ஆஃப் என்றால் 2 ஆகவே இருக்கும், சின்ன டிராலியில் தடித்துத் தெரியும். மூவர் கணினியிலும் இந்த அமைப்பு ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மூலை வளைவும் பொருளின் நிஜ அளவைப் பொறுத்ததல்ல. திரையில் 3 பிக்சல் வளைவு என்றால் போனுக்கும் லாரிக்கும் அதே 3 பிக்சல். போனுக்கு மட்டும் 10 பிக்சல் கொடுத்தால் அது சோப்புக்கட்டிபோல் தெரியும், அதன் பக்கத்தில் கூர்மூலை லாரி காகித மாதிரிபோல் தெரியும்.

வெப்சைட்டின் முகப்புக்கு 960 பிக்சல் அளவில் ஒரு பெரிய காட்சியும் இருக்குமானால் அதை இந்த எண்ணிக்கைக்குள் அடக்க முயல வேண்டாம். அது தனி நிலை, அங்கே ஷட்டருக்கு 20 வரி இருக்கலாம். அந்தக் காட்சியில் இருந்து வேனை வெட்டி எடுத்து 160 கட்டத்தில் போடுவதை மட்டும் தடை செய்யுங்கள். வேனுக்கு இரண்டு ஃபைல் வைத்துக்கொள்வது கூடுதல் வேலைதான், ஆனால் சுருக்கிய வேன் ஒவ்வொரு முறையும் தொகுப்பில் அந்நியமாக நிற்கும்.

குறிப்பு எழுதும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'லாரி கொஞ்சம் வித்தியாசமாக இருக்கு' என்று எழுதினால் வரைந்தவர் எதையாவது மாற்றி அனுப்புவார், அது இன்னொரு விதத்தில் வித்தியாசமாக இருக்கும். பக்கத்தையும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: "லாரி 07: கூரை 2:1, 30 டிகிரிக்கு மாற்றவும், சக்கரம் புதிதாக", "கவுண்டர் 15: இடதுபுறச் சுவர் இருண்ட சாயலுக்கு", "பின் 21: நிழல் தள்ளி விழ வேண்டும், வலது 35 பிக்சல்". முதல் சுற்றில் கோணக் குறிப்புகளை மட்டும் அனுப்புங்கள். அவை திருத்தி வந்த பிறகு வெளிச்சக் குறிப்புகள். மூன்றையும் சேர்த்து அனுப்பினால் மூவரும் எளிதானதை முதலில் செய்வார்கள், எளிதானது எப்போதும் நிறம்தான். பிறகு கோணம் மாறும்போது அந்த வேலை வீணாகும்.

ஸ்டாக்கில் இருந்து வந்த ஆறு படங்களையும் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவற்றில் அலமாரி, டிராலி, பெட்டி இருந்தால் நீட்டித் திருத்தினால் தப்பும். வேனுக்குச் சக்கரம் மாற்ற வேண்டும். மனிதர் இருக்கும் படம் எதுவானாலும் திருத்த உட்காராதீர்கள், உங்களில் மனிதர்களை நன்றாக வரைபவர் ஒருவரிடமே அவை அனைத்தையும் கொடுத்துப் புதிதாக வரைவித்துவிடுங்கள்.